ஏரியில் விழாத புள்ளிகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் 7,35,394 பேர். நூறு பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் ஏறத்தாழ 7,354 புள்ளிகள். இவற்றைக் கணினி தன்போக்கில் தூவினால் அவலாஞ்சி அணையின் தண்ணீரிலும் முதுமலைக் காட்டின் நடுவிலும் புள்ளிகள் விழும். கணினிக்குத் தெரிந்தது கிராமத்தின் எல்லையும் தலைக்கணக்கும்தான்; அந்த எல்லைக்குள் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது.

ஸ்வீடனின் ஸ்டென் டி கேர் 1919-இல் வெளியிட்ட மக்கள்தொகை வரைபடத்திலும் நூறு பேருக்கு ஒரு புள்ளிதான். குடியிருப்பு எங்கே என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் வைத்தார். அந்த வேலையைக் கணினியிடம் விடும்போது, எங்கே வைக்கக்கூடாது என்பதையாவது நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இலவச மென்பொருளான QGIS-இல் இதற்கு இரண்டே படிகள். முதலில், கிராம எல்லைகளிலிருந்து ஏரி, காடு ஆகிய பரப்புகளை Difference கருவியால் வெட்டி எடுக்க வேண்டும். அடுத்து, மிஞ்சிய நிலத்தில் Random points in polygons கருவியால் புள்ளிகளைத் தூவ வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் எத்தனை புள்ளி என்பதற்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
round("POP" / 100)
```

POP என்பது கிராமத்தின் மக்கள்தொகை உள்ள பத்தி. பரப்பு குறைந்தாலும் ஆள் குறையவில்லை என்பதால் அந்த எண்ணைத் தொடக்கூடாது. 2,400 பேர் உள்ள கிராமத்தில் முக்கால் பங்கு காடு என்றால், 24 புள்ளிகளும் மீதிக் கால் பங்கில் நெருங்கி நிற்கும். உண்மையில் மக்கள் வாழ்வதும் அப்படித்தான்.

தவறு நேர்வது பெரும்பாலும் வெட்டிய பிறகு. நடுவே ஆறு ஓடினால் ஒரு கிராமம் இரண்டு துண்டாகும். அவற்றைத் தனித்தனி உருவங்களாகப் பிரித்துவிட்டால் துண்டுக்கு 24 வீதம் 48 புள்ளிகள் விழும். அதனால் ஒரே உருவமாக வைத்திருக்க வேண்டும். கிராமம் முழுவதுமே காட்டுக்குள் இருந்தாலோ, வெட்டும்போது அதன் மக்களும் சேர்ந்து காணாமல் போவார்கள். இரண்டையும் ஒரே சோதனையில் பிடிக்கலாம்: மொத்தப் புள்ளிகளை நூறால் பெருக்கிக் கணக்கெடுப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். முழு எண்ணாக்குவதால் சிறு வித்தியாசம் வரும். ஆயிரக்கணக்கில் வந்தால் எங்கோ பிழை.

எது காடு என்பதிலும் கவனம் வேண்டும். நிழல் மரங்கள் அடர்ந்த தேயிலைத் தோட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தயாரித்த நிலப்பரப்புத் தரவு காடு என்றே குறிக்கக்கூடும். அதை வெட்டினால் அங்கே லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர்களின் புள்ளிகள் வேறு இடத்துக்குத் தள்ளப்படும். முதுமலைக்குள் தெப்பக்காடு போன்ற இடங்களில் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். காட்டை வெட்டும் முன் இத்தகைய குடியிருப்புகளைக் கையால் வரைந்து, வெட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு புள்ளி ஒரு வீட்டின் இருப்பிடம் ஆகாது. மீந்த நிலத்துக்குள் அது இன்னமும் தற்செயலாக விழுந்ததுதான். “ஒரு புள்ளி 100 பேர், புள்ளியின் இடம் தோராயமானது” என்ற வரியைப் படத்தின் குறிவிளக்கத்திலேயே அச்சிட வேண்டும்.