வயர் வேகமாகத்தான் இருக்கிறது, பெயர்தான் கிடைக்கவில்லை

எட்டு கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகம். "நெட் ரொம்ப ஸ்லோ சார்" என்று கூப்பிட்டிருந்தார்கள். நொந்துபோய் 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக உயர்த்தியும் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் காலையில் பொது ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பதினைந்து இருபது விநாடி கழித்துத்தான் ஃபைல்கள் கண்ணில் படுகின்றன.

இன்டர்நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்து மேஜையிலிருக்கும் ஃபைல் உங்களிடம் வர வெளியே போவதில்லை. அலுவலகத்துக்குள் இருக்கும் சுவிட்ச் வழியாகவே வந்துவிடுகிறது. அந்த சுவிட்ச் ஒரு கிகாபிட் வேகத்தில் ஓடுவது. விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் அதில் தாராளமாகப் போகும். நான் ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்துப் பார்த்தேன். சரசரவென்று வந்து முடிந்தது. தாமதம் முழுவதும் ஃபோல்டர் திறக்கும்வரைதான். திறந்தபின் எல்லாம் ஓட்டம். இப்படி இருந்தால் பெயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. நாம் `\\KANAKKU` என்று கேட்டால், அதன் எண் `192.168.1.20` என்பதை விண்டோஸ் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு டிஎன்எஸ் என்ற பெயர்ப்பதிவேட்டிடம் கேட்கும். அங்கே கிடைக்காத பெயரை, "இந்தப் பெயருக்குரியவர் யார்?" என்று அலுவலகத்திலுள்ள எல்லா மெஷின்களுக்கும் கேட்கும்படி அறிவித்துப் பார்க்கும். பழைய நெட்பயாஸ் முறையில் அந்த அறிவிப்பு முக்கால் விநாடிக்கு ஒன்றாக மூன்று முறை போகும். யாரும் பதில் தராவிட்டால் அதிலேயே இரண்டேகால் விநாடி கழிந்துவிடும். பெயர் கிடைத்தால் நொடியில் முடிகிற வேலை இது. கிடைக்காத பெயருக்குத்தான் எல்லாக் காத்திருப்பையும் முழுசாகக் காத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கு முன் `SERVER` என்ற பழைய மெஷின் பழுதாகி, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். ஃபைல்களெல்லாம் `KANAKKU`வுக்கு மாறின. ஆனால் எட்டு கம்ப்யூட்டரிலும் முதல் டிஎன்எஸ் முகவரியாக அந்தச் செத்த மெஷினின் எண்ணே இருந்தது. இரண்டாவதாக வெளியுலக டிஎன்எஸ் ஒன்று இருந்ததால் வலைத்தளங்கள் திறந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் உங்கள் அலுவலக மெஷினின் பெயர் வெளியுலகப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? அது "அப்படி ஒன்று இல்லை" என்றுதான் சொல்லும்.

சோதித்தது இப்படித்தான்:

```
ping 192.168.1.20
ping KANAKKU
nslookup KANAKKU
net use
```

எண்ணுக்கு உடனே பதில் வந்தது. பெயருக்குச் சற்று யோசித்துவிட்டு வந்தது. `nslookup` டிஎன்எஸ்ஸிடம் மட்டுமே கேட்கும். அதில் `DNS request timed out` என்று வந்தது. `\\192.168.1.20` என்று எண்ணைப் போட்டால் ஃபோல்டர் சட்டென்று திறந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

நான்காவது கட்டளைதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. `SERVER`ஐ நோக்கிய `Z:` டிரைவ் எல்லா மெஷினிலும் இன்னும் உட்கார்ந்திருந்தது. எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போது அந்தப் பெயரையும் தேடித் தோற்றது. சில வேர்ட் கடிதங்கள் மட்டும் தனியாக இழுத்தடித்தன. அவற்றின் டெம்ப்ளேட் பழைய சர்வரில் இருப்பதாக ஃபைலுக்குள்ளேயே எழுதியிருந்தது. ஃபைல் உங்கள் மேஜையிலேயே இருந்தாலும், திறக்கும்போது வேர்ட் அந்த இல்லாத மெஷினைத் தேடும்.

சரிசெய்ய ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. டிஎன்எஸ் முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம். `net use Z: /delete` கொடுத்துப் பழைய டிரைவை நீக்கினோம். கடிதங்களில் `Document Template` பகுதியில் பழைய பாதையை எடுத்துவிட்டு `Normal` போட்டோம். ரவுட்டரில் `KANAKKU`வுக்கு எப்போதும் அதே எண் கிடைக்கும்படி ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் `hosts` ஃபைலில் ஒரு வரி சேர்த்தோம்:

```
192.168.1.20 KANAKKU
```

எண்ணை ஒதுக்காமல் இந்த வரியை மட்டும் சேர்க்காதீர்கள். என்றாவது எண் மாறினால் எட்டு மெஷினும் தவறான இடத்தில் போய்த் தட்டும். இருபது முப்பது கம்ப்யூட்டர் என்றால் இப்படி ஒவ்வொன்றாக எழுதுவதும் சரிப்படாது; அலுவலகத்துக்குள்ளேயே டிஎன்எஸ் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். டொமைன் சர்வர் வைத்திருப்பவர்கள் டிஎன்எஸ் இடத்தில் அந்த சர்வரை மட்டுமே போட வேண்டும். "இருக்கட்டுமே" என்று வெளியுலக எண்ணை இரண்டாவதாகச் சேர்த்தால் இதே தொல்லை திரும்பி வரும்.

உங்கள் அலுவலகத்திலும் ஃபோல்டர் இப்படி இழுத்தடித்தால், இணைப்புக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் பெயருக்குப் பதிலாக எண்ணைப் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள்.