சுருதி விலகினால் முதலில் கம்பியைப் பாருங்கள்

"அண்ணா, ட்யூனர்ல எல்லாக் கம்பியும் சரின்னு காட்டுது. ஆனா மேல போய் வாசிச்சா அபஸ்வரமா கேக்குது." ஸ்ட்ராடோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்த கல்லூரி மாணவர் சொன்னது இது. பிரிட்ஜில் இருக்கும் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்து தர வேண்டும் என்று கேட்டார்.

நான்காவது கம்பியைத் தனியாக மீட்டினேன், சுருதி சுத்தமாக இருந்தது. அதையே 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினேன். வீணையின் மெட்டு போன்றதுதான் ஃப்ரெட். அங்கே அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். ஆனால் 10 சென்ட் ஏறி நின்றது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான தூரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். பத்து என்றால் கூர்ந்து கேட்கும் காதுக்குத் தெரிந்துவிடும்.

கம்பி மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். எட்டு மாதம் என்றார்.

கனமான கம்பிகளில் நடுவே ஓர் எஃகு இழையும், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய கம்பியும் இருக்கும். விரல்கள் அதிகம் படுவது கிட்டாரின் தலைப்பக்கப் பாதியில்தான். அங்கே வியர்வையும் தோல் அழுக்கும் சுற்றுகளுக்குள் புகுந்து படிய, அந்தப் பாதி கனத்துவிடுகிறது. கனத்த கம்பி மெதுவாக அதிரும் என்பதால், முழுக் கம்பியையும் சுருதி சேர்க்கும்போது அதைச் சற்று அதிகமாக முறுக்குகிறோம். 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அதிர்வது பிரிட்ஜ் பக்கத்துப் பாதி மட்டும். அது கனக்காத பாதி, முறுக்கமோ கூடுதல். ஸ்வரம் ஏறிவிடுகிறது. அதே தலைப்பக்கப் பாதி துருவாலும் தேய்மானத்தாலும் மெலிந்திருந்தால் ஸ்வரம் இறங்கும். இந்தக் கோளாறைத் திருகால் தீர்க்க முடியாது. 12ஆவது ஃப்ரெட்டுக்குச் சரிசெய்தால் 5ஆவதில் விலகும்.

நாதமும் இப்படித்தான் கெடுகிறது. சுற்றுகளுக்குள் அடைந்த அழுக்கு அதிர்வை உறிஞ்சும்போது முதலில் மறைபவை உச்ச அனுஸ்வரங்கள். எஃகின் அதிர்வைத்தான் பிக்கப்பின் காந்தம் மின்சாரமாக்குகிறது. கம்பியில் இல்லாததை ஆம்ப்ளிஃபயரால் தர முடியாது. ஒலி மங்கியதும் பலர் பிக்கப்பைக் குறை சொல்வார்கள். கம்பியின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தால் ஃப்ரெட் பட்ட இடங்களில் பள்ளம் தட்டுப்படும். அதுவே மாற்ற வேண்டிய நேரம்.

ட்ரெமலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒவ்வொரு கம்பியாக மாற்றுவது நல்லது. வழக்கமான '10' செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பின்புறத்து ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுத்து அதைச் சமன் செய்கின்றன. மொத்தமாகக் கழற்றினால் அந்தச் சமநிலை குலையும்.

முதலில் பழைய கம்பியை முழுக்கத் தளர்த்துங்கள். முறுக்கத்தோடு வெட்டினால் முகத்தில் தெறிக்கும். அந்த இடத்து விரல்பலகையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, புதுக் கம்பியைப் பின்புறத்திலிருந்து கோத்து பிரிட்ஜ் வழியாக மேலே கொண்டுவந்து, முளையின் துளையில் நுழையுங்கள். இறுக்கி இழுத்தபின் சுமார் 5 சென்டிமீட்டர் தளர்வு விட்டு முளையைத் திருப்பினால் இரண்டு மூன்று சுற்று விழும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே அமைய வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிறகு நழுவும், சுருதி இறங்கும்.

புதுக் கம்பி சுருதியில் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தச் சுற்றுகள் இன்னும் இறுகவில்லை. கம்பியின் நடுப்பகுதியை மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேருங்கள். மூன்று நான்கு முறையில் அடங்கிவிடும். ஸ்வரத்தைக் கீழிருந்து மேலே ஏற்றியே சேர்க்க வேண்டும். திருப்பும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால், தலைப்பக்கத்து நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் வழுக்கும்.

மாணவரின் கிட்டாரில் புதுக் கம்பி ஏற்றியபின் அளந்தேன். பத்து சென்ட் விலகல் இரண்டாகக் குறைந்திருந்தது. திருகைத் தொடவில்லை.

புதுக் கம்பியிலும் 12ஆவது ஃப்ரெட் ஏறியே நின்றால் மட்டும் அந்தக் கம்பியின் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கினால் முன்னுக்கு. நகர்த்தும் ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும்.

ரோஸ்வுட் விரல்பலகை வறண்டிருந்தால் அதற்கான எண்ணெய் சில துளி போதும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டாம். வாசிக்கும் முன் கையைக் கழுவி, வாசித்தபின் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியும் பருத்தித் துணியால் துடைத்தால், அந்தத் தலைப்பக்கப் பாதி கனக்க அதிக நாளாகும்.