சலூன் காப்பீடு: தொகையைக் குறைத்தால் இழப்பீடும் குறையும்

சலூனில் நாற்காலி, கண்ணாடி, ஏசி எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய் மதிப்பு. பிரீமியத்தை மிச்சப்படுத்த 6 லட்சத்துக்கே காப்பீடு எடுத்திருக்கிறார் உரிமையாளர். தீயில் 2 லட்சம் ரூபாய்ப் பொருள் கருகினால், முழுத்தொகையும் வராது. அதே விகிதத்தில் 1.2 லட்சம்தான் கிடைக்கும். சிறு தொழில்களுக்காக 2021-இல் வந்த ‘பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா’ பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் இல்லை. ஆகவே இன்று புதிதாக வாங்கினால் ஆகும் விலையைக் கேட்டு எழுதுங்கள்.

திருட்டுக்குத் தனிப் பாலிசி வேண்டும். அதிலும் பூட்டை உடைத்த தடயத்தைப் பெரும்பாலும் கேட்பார்கள். வேலையாள் எடுத்துப் போனால் பணம் வராமல் போகலாம். மின்கோளாறில் பழுதாகும் கருவிக்கும் தனிப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், திருட்டென்றால் போலீஸிலும் புகார் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை கருகிய பொருளை அப்புறப்படுத்த வேண்டாம். வாங்கிய பில்களின் நகல் வீட்டில் இருக்கட்டும்.