லேப்ரடாரின் இதயமும் தயிர்சாதமும்

நாயின் வயிறு உப்பினால் நம் ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது பூச்சி மருந்து. திருக்கனூரிலோ பாகூரிலோ ஏழெட்டு வயது லேப்ரடார் வளர்ப்பவர் அந்த மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தால், அந்த இரண்டு வாரமும் வீண்போகலாம். வயிற்றில் இருப்பது புழுவாக இல்லாமல் நீராக இருக்கலாம். இதயத்தால் இரத்தத்தைத் தள்ள முடியாதபோது அது பின்னால் தேங்குகிறது, நீர் கசிந்து வயிற்றில் சேர்கிறது. இரவில் இருமல், நாலடி நடந்ததும் உட்கார்ந்துவிடுவது, முதுகெலும்பை ஒட்டிச் சதை கரைவது, சில சமயம் திடீரென்று மயங்கி விழுவது எல்லாமே இதோடு சேர்ந்து வரும். டைலேட்டட் கார்டியோமயோபதி என்று மருத்துவர்கள் சொல்வதை நாம் இதயம் விரிந்துபோகும் நோய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளுகிறது. அதன் தசை பலவீனமானால் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் உள்ளேயே தங்கிவிடும். தங்கியது அறையை விரிக்கும். அறை விரிய விரிய சுவர் மெலியும், மெலிந்த சுவர் இன்னும் குறைவாகத் தள்ளும். டாபர்மேன், கிரேட் டேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். நம் நாட்டில் வீடுதோறும் லேப்ரடார் என்பதால், கால்நடை மருத்துவமனைகளுக்கு இந்த நோயோடு வருகிறவற்றிலும் லேப்ரடார்கள் நிறைய.

இதை உறுதியாகக் காட்டுவது எக்கோ. திருக்கனூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கால்நடை நிறுவனம் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம். சென்னை வரை போகிறவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள். எங்கே எடுத்தாலும் அறிக்கையில் பார்க்கவேண்டிய எண்கள் இரண்டுதான்: இடது கீழறை நிரம்பி விரிந்திருக்கும்போது எத்தனை மில்லிமீட்டர், சுருங்கியபின் எத்தனை.

கணக்குக்காக 32 கிலோ எடையுள்ள ஒரு லேப்ரடாரை எடுத்துக்கொள்வோம். விரிந்த நிலையில் 58 மி.மீ., சுருங்கிய நிலையில் 49. வித்தியாசம் 9. அதை 58ஆல் வகுத்தால் சுமார் 16 சதவீதம். ஆரோக்கியமான நாயில் இந்தச் சுருங்கும் விகிதம் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 32 கிலோ நாய்க்கு விரிந்த அளவு 42 மி.மீ.யை ஒட்டி இருப்பது வழக்கம், 51ஐத் தாண்டினால் சந்தேகப்படவேண்டும். ஆக, இந்த நாயின் அறை பெரிதாகவும் இருக்கிறது, சோம்பலாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதுதான் முக்கியம். வால்வு கசியும் நாய்க்கும் அறை பெரிதாகும், ஆனால் அங்கே தசை பெரும்பாலும் வேகமாகவே அடிக்கும். நன்றாக ஓடியாடும் பெரிய நாய்க்கு விகிதம் சற்றுக் குறைவாக இருக்கலாம், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிடக்கூடாது. உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் வற்றிய நாய்க்கும் இதயம் பெருக்கும் என்பதால் நம் பக்கத்தில் இரத்தப் பரிசோதனை இல்லாமல் முடிவு சொல்வது சரியல்ல.

சரி, ஏன் வந்தது? ஒன்று வம்சம். டாபர்மேனில் இது பெற்றோரிடமிருந்து குட்டிக்கு இறங்குகிறது. 2010இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வின்படி, வாழ்நாள் கணக்கில் ஐரோப்பிய டாபர்மேன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்த நோய் வருகிறது. 2012இல் அமெரிக்காவில் பிடிகே4 என்ற மரபணுவில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் ஐரோப்பிய டாபர்மேன்களில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. பிழை இருந்தும் நோய் வராத நாய்கள் உண்டு, இல்லாமல் வருபவையும் உண்டு. அதனால் மரபணுப் பரிசோதனைச் சீட்டு எக்கோவுக்கு மாற்றாகாது. இந்த நோய் ஏன் ஒழியாமல் தொடர்கிறது என்பதற்குக் காரணம் எளிது: பெரும்பாலும் நடுவயதில்தான் தெரியவரும், அதற்குள் அந்த நாய் பலமுறை குட்டி போட்டிருக்கும்.

இன்னொன்று தட்டு. டாரின் என்ற சத்து இதயத் தசைக்குத் தேவை. அது உணவில் இல்லாத பூனைகளுக்கு இதே நோய் வருகிறது என்றும், கொடுத்தால் மீள்கிறது என்றும் 1987இல் கலிஃபோர்னியாவில் பால் பியன் குழுவினர் காட்டினார்கள். நாய் பூனையைப் போல் அல்ல. மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு புரதக்கூறுகளிலிருந்து தானே டாரினைத் தயாரித்துக்கொள்ளும். ஆனால் மூலப்பொருள் வேண்டும், பெரிய நாய்களோ எடைக்குக் கணக்கிட்டால் சிறியவற்றைவிட மெதுவாகத்தான் தயாரிக்கின்றன.

இங்கேதான் நம் வீட்டுத் தட்டுக்கு வரவேண்டும். நமது லேப்ரடார் ஒரு நாளில் 800 கிராம் சோறும் 200 கிராம் தயிரும் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால், வயிறு நிறையும், எரிசக்தியும் ஓரளவு போதும். புரதம்? சோற்றில் சுமார் 20 கிராம், தயிரில் 6 அல்லது 7. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2006இல் வெளியிட்ட பரிந்துரையின்படி இந்த எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 44 கிராம் வேண்டும். சோற்றில் டாரினும் இல்லை, தயிரில் இருப்பது சொற்பம். 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நீண்ட காலம் குறைந்த புரத உணவு தரப்பட்ட பீகிள் நாய்களில் டாரின் அளவு இறங்கியது. அவற்றில் ஒன்றுக்கு இதயம் விரிந்தது, டாரின் கொடுத்ததும் தேறியது. ஒரே ஒரு நாய்தான். அதனால் தயிர்சாதம் இதயத்தைக் கெடுக்கும் என்று நான் எழுதப்போவதில்லை, சந்தேகப்பட இடமிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

விலை உயர்ந்த பாக்கெட் உணவு வாங்கினால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்டிஏ, தானியம் நீக்கி பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த உணவு சாப்பிட்ட நாய்களில் இந்த நோய் தெரிவிக்கப்படுகிறது என்று எச்சரித்தது. அவற்றில் கோல்டன் ரெட்ரீவர்கள் நிறைய. விசித்திரம் என்னவென்றால், பல நாய்களுக்கு இரத்தத்தில் டாரின் சரியாகவே இருந்தது, ஆனாலும் உணவை மாற்றியதும் சில தேறின. காரணம் இன்னும் பிடிபடவில்லை.

வம்சமா தட்டா என்பதை எக்கோ படம் சொல்லாது, இரண்டிலும் இதயம் ஒரே மாதிரிதான் தெரியும். இரத்தத்தில் டாரின் அளக்கும் வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதனால் மருத்துவர்கள் பலர் செய்வது இது: இதயத்துக்குப் பிமோபென்டன், நீர் இறங்க ஃபுரோசமைடு, இவற்றோடு டாரின் மாத்திரையையும் கொடுத்து, உணவையும் மாற்றி, சில மாதம் கழித்து எக்கோ எடுத்துப் பார்ப்பது. டாரின் விலை குறைவு, ஆபத்தும் குறைவு. மாத்திரையின் அளவை மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்வார்.

உணவை மாற்றுவது என்றால் கோழித் தொடை, ஈரல், முட்டை, முள் எடுத்த மீன், கிடைத்தால் கணவாய். டாரின் நீரில் கரைந்துவிடும், வேகவைத்த நீரைக் கொட்டினால் பாதி வேலை வீண். அந்தக் குழம்பு நீரிலேயே சோற்றைப் பிசைந்து போடவேண்டும், உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல். கடலோரத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்று கருவாட்டைத் தொடக்கூடாது, நீர் கோத்த நாய்க்கு அந்த உப்பு கேடு.

இடையில் வீட்டிலேயே பார்க்க முடிந்த ஒரு எண் உண்டு. நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி நாட்காட்டியில் குறித்துவைப்பது. 30ஐத் தாண்டி அப்படியே நின்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று சந்தேகப்பட்டு அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

நாலைந்து மாதம் கழித்து இரண்டாவது எக்கோவில் நமது லேப்ரடாரின் 58 மி.மீ. 52ஆக இறங்கி, விகிதம் 16இலிருந்து 24க்கு ஏறியிருந்தால், தட்டின் மீதுதான் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்பார். எண்கள் அசையவே இல்லையென்றால் வம்சம் என்று கொண்டு, மருந்தை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து, அந்த நாயின் குட்டிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று விசாரித்துச் சொல்லி அனுப்பவேண்டும்.