வியட்நாமிய வாசல் – 6: ‘நேற்று நான் போ’

“பாவ் யோ ஆன் டி?”

“ஆன் டி பாவ் யோ?”

இரண்டு கேள்விகளிலும் இருப்பவை ஒரே சொற்கள். ‘ஆன்’ என்பது அண்ணன் வயதுடைய ஆணை மரியாதையாக விளிக்கும் ‘நீங்கள்’. ‘டி’ என்றால் போ. ‘பாவ் யோ’ என்றால் எப்போது. ஆனால் முதல் கேள்வியைக் கேட்ட வியட்நாமியர் “நாளைக்கு” என்று பதில் சொல்வார். இரண்டாவதைக் கேட்டவர் “நேற்று” என்பார். முதலாவது ‘எப்போது போவீர்கள்?’. இரண்டாவது ‘எப்போது போனீர்கள்?’. இரண்டிலும் வினைச்சொல் துளியும் மாறவில்லை. ‘எப்போது’ என்ற சொல் வாக்கியத்தின் முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதே காலத்தைத் தீர்மானித்துவிட்டது.

தமிழிலிருந்து வியட்நாமியத்துக்கு மொழிபெயர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது வழக்கம். அதனால் ‘எப்போது’ இயல்பாகவே வினைக்கு முன்னால் வந்து உட்காரும். ‘எப்போது போனீர்கள்?’ என்பதை அதே வரிசையில் மாற்றினால் ‘எப்போது’ முன்னால் போய்விடும். கேட்பவர் தம் அடுத்த பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமலே தப்பிவிடுகிறது.

தமிழ் வினை தன் காலத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ‘போனேன், போகிறேன், போவேன்’ என்று பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் ஓர் இடைநிலை புகுந்து காலம் காட்டுகிறது. வியட்நாமிய வினைக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. ‘டி’ எப்போதும் ‘டி’தான். நேற்றைக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். ‘ஹோம் குவா தோய் டி ஹுவே’ என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நேற்று நான் போ ஹுவே’ என்று வரும். இதன் பொருள் ‘நேற்று நான் ஹுவே நகருக்குப் போனேன்’. நேற்று என்பதை எடுத்துவிட்டு, நாளை என்று பொருள்படும் ‘ஙய் மாய்’ என்பதை வைத்தால் ‘போவேன்’. வேறு எதையும் தொட வேண்டியதில்லை. (தொனிக்குறிகளைத் தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லாததால் இங்கே சொற்களின் ஏறக்குறைய ஒலிப்பு மட்டும் தரப்படுகிறது.)

ஆகவே காலச்சொற்களை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. ‘ஹோம் கியா’ என்றால் முந்தாநாள். ‘ஙய் கியா’ என்றால் நாளை மறுநாள். இரண்டிலும் இருக்கும் ‘கியா’, சற்றுத் தள்ளி இருப்பதைச் சுட்டும் சொல். அது எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்பதை முன்னால் வரும் சொல்தான் சொல்லும். நேற்று, முந்தாநாள் போன்ற கடந்த நாட்களுக்கு ‘ஹோம்’ வருகிறது, இன்றைக்கும் அதுவே. வரப்போகும் நாட்களுக்கு ‘ஙய்’. அவசரமாகப் படிக்கும் மொழிபெயர்ப்பாளர் ‘கியா’வை மட்டும் பார்த்துவிட்டு ஓடினால் நான்கு நாள் தவறிப்போகும்.

தனி வாக்கியத்தில் இதெல்லாம் எளிது. பத்தியாக வரும்போதுதான் வேலை தொடங்குகிறது. கீழே உள்ள சிறு பத்தி, வியட்நாமியத்தில் இருக்கும் முறையிலேயே, வினைகளை வெறும் பகுதியாக வைத்துத் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது:

‘1995 ஆண்டு லான் அக்கா திற புன் கடை ஹுவேயில். ஒவ்வொரு காலையும் அக்கா எழு நாலு மணி, காய்ச்சு சாறு. இப்போது அக்கா மகள் கவனி கடை. அடுத்த ஆண்டு அவள் கட்டு புருஷன், அக்கா மறுபடி வா விற்.’

புன் என்பது அரிசி நூடுல்ஸ். எலும்புச் சாற்றில் எலுமிச்சைப்புல் போட்டுக் காய்ச்சும் அதன் மாட்டிறைச்சி வகைக்கு ஹுவே நகரம் பேர்போனது. பத்தியில் ஏழு வினைகள் இருக்கின்றன. ஒன்றிலும் காலக்குறி இல்லை. ஆனாலும் வியட்நாமிய வாசகருக்கு எந்தக் குழப்பமும் வராது. ‘1995’ என்ற சொல் ஒரு சட்டத்தை மாட்டுகிறது. அடுத்த காலச்சொல் வந்து அதைக் கழற்றும்வரை உள்ளே வரும் வினைகளெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கியவை. ‘இப்போது’ வந்ததும் பழைய சட்டம் போய்ப் புதியது வருகிறது. ‘அடுத்த ஆண்டு’ வந்ததும் மூன்றாவது.

முதல் வாக்கியமும் கடைசி இரண்டும் கஷ்டமில்லை. ‘திறந்தார்’, ‘கவனித்துக்கொள்கிறாள்’, ‘கல்யாணம் ஆகிவிடும்’, ‘கடைக்கு வந்து நிற்பார்’ என்று எழுதிவிடலாம். சிக்கல் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. ‘ஒவ்வொரு காலையும்’ என்பது காலச்சொல்தான். ஆனால் அது எந்தக் காலத்துக் காலை என்று சொல்வதில்லை. அந்த வாக்கியத்தோடு நிறுத்திப் பார்த்தால் லான் அக்கா இன்றைக்கும் நாலு மணிக்கு எழுகிறார் என்றும் கொள்ளலாம். மூன்றாவது வாக்கியத்தில் ‘இப்போது’ வந்து மகளைக் கடையில் உட்காரவைத்த பிறகுதான், முன்னால் சொன்னது முடிந்துபோன வழக்கம் என்பது உறுதியாகிறது. அதாவது, இரண்டாவது வாக்கியத்தின் தமிழ் வினையை முடிவு செய்யும் தகவல் மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. வாக்கியம் வாக்கியமாகப் படித்து உடனுக்குடன் எழுதிக்கொண்டு போகிறவர் இங்கே ‘எழுகிறார், காய்ச்சுகிறார்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் திகைத்து நிற்பார்.

சரி, கடந்தகாலம் என்று தெரிந்துவிட்டது. உடனே ‘எழுந்தார், காய்ச்சினார்’ என்று எழுதலாமா? அது ஒருநாள் நடந்த சங்கதிபோல ஒலிக்கும். பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எடுத்துக்கொள்வது எதிர்கால வடிவத்தைத்தான். ‘விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து சாறு காய்ச்சுவார்’ என்பதே இங்கே சரியான தமிழ். காலமே காட்டாத வியட்நாமிய வினை, கடந்தகால வழக்கத்துக்காகத் தமிழின் எதிர்கால இடைநிலையில் வந்து சேர்கிறது. இலக்கணப் புத்தகத்தின் முக்கால அட்டவணையை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவருக்கு இந்த வினைமுற்று தோன்றவே தோன்றாது.

வியட்நாமியத்தில் காலக்குறிகளே இல்லையா என்ற கேள்வி இப்போது எழலாம். வினைக்கு முன்னால் வரும் மூன்று சிறு சொற்களைப் பாடப்புத்தகங்கள் கற்றுக்கொடுக்கின்றன: ‘டா’ கடந்தகாலம், ‘டாங்’ நிகழ்காலம், ‘ஷே’ எதிர்காலம். படிப்பதற்குச் சுகமான பட்டியல். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட ஆபத்தான பட்டியல் வேறில்லை.

‘டா’வையே எடுத்துக்கொள்ளலாம். ‘நாளை நீங்கள் வரும்போது நான் போயிருப்பேன்’ என்பதை வியட்நாமியர் ‘நாளை நீங்கள் வா, நான் டா போ ரோய்’ என்ற அமைப்பில் சொல்வார். கடைசியில் வரும் ‘ரோய்’ நம் ‘ஆச்சு’. பேச்சு நாளையைப் பற்றியது. அதில் ‘டா’வுக்கு என்ன வேலை? அது காட்டுவது நேற்றை அல்ல. இன்னொரு நிகழ்வுக்குள் இது முடிந்துவிட்டிருக்கும் என்பதை. தமிழில் ‘விட்டது’, ‘ஆயிற்று’, ‘இருந்தது’ என்று துணைவினைகள் செய்யும் வேலைக்குத்தான் அது நெருங்கி வருகிறது. பண்பைச் சொல்லும் சொற்களோடு வரும்போது இது இன்னும் தெளிவாகும். ‘என் பிள்ளை டா பெரிது’ என்றால் ‘என் பிள்ளை பெரியவனாக இருந்தான்’ என்று பொருளல்ல. ‘பெரியவனாகிவிட்டான்’ என்று பொருள். இன்றைய நிலையைப் பற்றிய பேச்சு அது.

காவ் சுவான் ஹாவ் இதை அழுத்திச் சொன்ன மொழியியலாளர். 2007இல் மறைந்த அவர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை வியட்நாமியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். வியட்நாமியத்தில் காலம் என்ற இலக்கணக்கூறே இல்லை, இந்தச் சொற்கள் ஒரு செயல் முடிந்த, முடியாத நிலையைக் காட்டுபவை, ஐரோப்பிய மொழிகளின் அச்சில் வார்த்து அவற்றைக் காலக்குறிகளாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். எல்லா மொழியியலாளர்களும் அவரோடு உடன்படுவதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு மேசையில் அவர் பார்வையே கைகொடுக்கிறது. ரஷ்ய மொழியின் கடந்தகால வினைகளை ஆயிரக்கணக்கில் வியட்நாமியத்துக்கு மாற்றிய அனுபவம் அவருடையது என்பதையும் மறக்கலாகாது.

தமிழிலிருந்து போகும்போது ஒவ்வொரு கடந்தகால வினைக்கும் ஒரு ‘டா’வை ஒட்டவைப்பது புதியவர்களின் பழக்கம். ‘இந்த ஊர் ஏழை ஊராக இருந்தது’ என்பதற்கு ‘இந்த ஊர் டா ஏழை’ என்று எழுதினால், வியட்நாமிய வாசகர் வாக்கியம் முடியவில்லை என்று காத்திருப்பார். ‘ஏற்கெனவே ஏழை ஊர், அதற்கு மேல்…’ என்று அடுத்த துயரம் வரப்போவதாக அவர் காதில் விழும். அங்கே ‘டா’ வேண்டாம். ‘அந்தக் காலத்தில்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை முன்னால் வைத்து ‘அந்தக் காலத்தில் இந்த ஊர் ஏழை’ என்றால் போதும். எழுதிய பக்கத்தைத் திரும்பப் பார்க்கும்போது வரிக்கு வரி ‘டா’ தென்பட்டால், காலச்சொல் இருக்கும் இடங்களிலெல்லாம் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். பொருள் கெடாத இடங்களில் அது தேவையில்லாமல் வந்தது.

மறுப்பு வாக்கியங்களில் தமிழர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. வியட்நாமியத்தில் ‘இல்லை’ என்பதற்கு ‘கோம்’ என்ற ஒரு சொல், காலம் எதுவானாலும் வினைக்கு முன்னால் நிற்கும். தமிழின் ‘போகவில்லை’யும் கடந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் அப்படியே மாறாமல் நிற்கும். ‘நேற்று நான் போகவில்லை’, ‘இன்றைக்கு நான் போகவில்லை’ இரண்டிலும் வினை மாறாது. காலத்தை ‘நேற்று’ம் ‘இன்றைக்கு’மே சொல்கின்றன. வியட்நாமிய வினை முழுவதும் இயங்கும் விதத்தை இந்த ஒரு வடிவத்தில் தமிழர்கள் தினமும் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ‘கோம்’ பக்கத்திலேயே ‘சுவா’ என்ற இன்னொரு மறுப்புச் சொல் இருக்கிறது. ‘இன்னும் இல்லை’ என்பது அதன் பொருள். சந்தித்ததும் வியட்நாமியர் கேட்பது “ஆன் அன் கொம் சுவா?” என்று, நம் ஊரின் “சாப்பிட்டாச்சா?” அச்சு அசலாக அதுவே. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் ‘சுவா’ அதைக் கேள்வியாக்குகிறது. சாப்பிட்டிருந்தால் பதில் ‘ரோய்’, அதாவது ‘ஆச்சு’. சாப்பிடாவிட்டால் ‘சுவா’. இங்கே ‘கோம்’ என்று பதில் சொன்னால் சாப்பிடப்போவதே இல்லை என்று மறுப்பதுபோல் ஆகும். கல்யாணமாகிவிட்டதா என்று விசாரிக்கும்போதும் கேள்வி ‘சுவா’வில்தான் முடியும். தமிழ் மூலத்தில் ‘இல்லை’ என்று மட்டும் இருந்தாலும், கல்யாண வயதில் இருக்கும் ஒரு பாத்திரத்தின் வாயில் மொழிபெயர்ப்பாளர் ‘சுவா’வைத்தான் வைக்க வேண்டும். எதிர்த்திசையில் வரும்போது அந்த ‘சுவா’வுக்கு ‘இல்லை’ போதாது. ‘இன்னும் ஆகலை’ என்று எழுத வேண்டும். அறுபது வயதுவரை தனியாக வாழ்ந்த ஒரு பெண்மணி அதே கேள்விக்கு ‘கோம்’ என்று பதில் சொல்வதாக ஒரு கதையில் வந்தால், அதை ‘கல்யாணம் பண்ணிக்கலை’ என்று தமிழில் கொண்டுவரலாம்.

(தொடரும்)