மிக்சியைத் தூக்கும் முன்னே முகவரியைக் கேளுங்கள்

வீட்டில் மிக்சி ஓடவில்லை. வாரண்டி இன்னும் இருக்கிறது. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனால் காசில்லாமல் சரிசெய்து தருவார்கள். ஆனால் அந்த சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது?

சிறிய ஊரில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. கடைத்தெருவில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். மும்பை போன்ற நகரத்தில் அப்படி இல்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். ஜாரோடு சேர்த்தால் மிக்சி 5 கிலோ வரை கனக்கும். நெரிசலான லோக்கல் ரயிலில் அதைச் சுமந்து போய், அங்கே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அரை நாள் கூலி போய்விடும்.

பூட்டிய கதவைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கதவு திறந்திருக்கும். பலகையில் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் அது கம்பெனியின் சென்டராக இருக்காது.

கம்பெனிகள் எல்லா ஊரிலும் சொந்தமாகக் கடை வைப்பதில்லை. ஏற்கெனவே பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. வாரண்டி உள்ள பொருளை அவர் சரிசெய்வார். அதற்கான பணத்தைக் கம்பெனி கொடுக்கும். இதைத்தான் 'ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்' என்கிறார்கள். அதாவது கம்பெனியின் அனுமதி பெற்ற கடை. ஒப்பந்தத்துக்குக் காலம் உண்டு. அது முடிந்ததும் கம்பெனி வேறு கடைக்குப் போய்விடும். பழைய கடைக்காரர் அதே இடத்தில்தான் இருப்பார். பலகையைக் கழற்ற அவருக்கு மனம் வராது. பலகையைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்களே!

கைப்பேசியில் தெரியும் வரைபடமும் அப்படித்தான். அதில் கடையின் பெயரைக் கம்பெனிதான் போட வேண்டும் என்பதில்லை. யாரும் ஒரு பெயரைச் சேர்க்கலாம். யாரும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாம். தேடும்போது முதலில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதன் மேலே Sponsored என்று சிறிய எழுத்தில் இருக்கும். வரைபடம் வழி காட்டுவதற்கு நல்லது. ஒரு கடை கம்பெனியின் கடைதானா என்பதற்கு அது சாட்சி ஆகாது. பக்கத்தில் போட்டிருக்கும் நட்சத்திரங்களும் சாட்சி ஆகாது.

அப்படியானால் எதை நம்புவது? நம் வீட்டில் இருக்கும் பொருளையே நம்பலாம்.

மும்பை தாராவியில் இருக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். முத்தம்மா என்று பெயர் வைப்போம். அவருடைய மிக்சி வாங்கி இருபத்து மூன்று மாதம் ஆகிறது. வாரண்டி இரண்டு ஆண்டு. ஒரு மாதம்தான் பாக்கி. ஒருநாள் காலையில் சட்னி அரைக்கும்போது மிக்சியிலிருந்து கருகிய வாடை வந்தது. பிறகு ஓடவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்தான். முதலில் மிக்சியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அளவுக்கு மேல் போட்டு அரைத்தால் அந்தப் பொத்தான் வெளியே தள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும். சற்று ஆறவிட்டு அழுத்தினால் சில சமயம் மிக்சி மறுபடி ஓடும். இங்கே ஓடவில்லை.

அவன் கைப்பேசியில் தேடினான். "அக்கா, அந்தேரி ஈஸ்ட்ல ஒண்ணு காட்டுது. மாகிம் போய் ரயில் ஏறினா போயிடலாம்" என்றான்.

"அது கம்பெனிக் கடைதானா தம்பி?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருக்கிறது யாரு?" என்று கேட்டார் முத்தம்மா. பையனிடம் பதில் இல்லை.

முத்தம்மா பரணிலிருந்து மிக்சி வந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். விற்பனைக்கு வரும் பெட்டியில் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். குறை சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இது சட்டம். 2011-ஆம் ஆண்டு விதிகளில் இது இருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் வாரண்டி அட்டையில் பாருங்கள். மிக்சியின் அடியில் ஒட்டிய தகட்டுச் சீட்டிலும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் உலர்ந்த துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். அந்தச் சீட்டில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் கட்டாயம் கேட்பார்கள்.

பெட்டியில் 1800 என்று தொடங்கும் எண் இருந்தது. 1800 என்றால் நமக்குக் காசு இல்லை. 1860 என்று தொடங்கினால் காசு உண்டு. பழைய பொருளில் உள்ள எண் சில சமயம் மாறியிருக்கும். அப்போது கம்பெனியின் இணையதளத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். அதன் முகவரியும் பெட்டியிலோ வாரண்டி அட்டையிலோ அச்சிட்டிருப்பார்கள். அதை எழுத்துக்கூட்டி நாமே அடிப்பது நல்லது. தேடினால் மறுபடி விளம்பரம்தான் முன்னால் வரும்.

முத்தம்மா போன் செய்தார். மாடல், வரிசை எண், வாங்கிய தேதி எல்லாம் கேட்டார்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கேட்டார்கள். தாராவிக்கு 400017. அந்த எண்ணை வைத்துத்தான் பக்கத்தில் எந்த சென்டர் என்று பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "அந்தேரியில் இருக்கிறதே, அதுதானா?" என்று முத்தம்மா கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், எதிரே பேசுபவர் அவசரத்தில் "ஆமாம்" என்று சொல்லிவிடலாம். "எனக்குப் பக்கத்தில் உள்ள சென்டரின் முகவரியை நீங்கள் சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார். அவர்கள் குர்லா வெஸ்ட் என்றார்கள். சயானிலிருந்து அடுத்த ஸ்டேஷன்! பிறகுதான் அந்தேரிக் கடையைப் பற்றிக் கேட்டார். "அந்தக் கடை இப்போது எங்களுடையது இல்லை" என்று பதில் வந்தது.

முகவரியை எழுதும்போது அவசரப்படக்கூடாது. மும்பையில் ஸ்டேஷன் பெயர் மட்டும் போதாது. ஈஸ்டா, வெஸ்டா என்று கேட்க வேண்டும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பாலம் ஏறி இறங்க வேண்டும். பல சென்டர்கள் தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்குள் இருக்கும். அங்கே ஒவ்வோர் அறையையும் 'காலா' என்பார்கள். காலா எண், மாடி, பக்கத்தில் உள்ள அடையாளம் எல்லாம் வேண்டும். எண்ணை இந்தியில் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். பச்சீஸ் என்றால் 25. பச்சாஸ் என்றால் 50. காதில் இரண்டும் ஒன்றுபோல் விழும். "ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுதி முடித்ததும் திருப்பி வாசித்துக் காட்டுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போனை வைக்கும் முன் புகார் எண்ணை வாங்குங்கள். இதை ஜாப் நம்பர் என்றும் சொல்வார்கள். முத்தம்மாவுக்கு அது குறுஞ்செய்தியாக வந்தது. அந்த எண் கம்பெனியின் கணக்கில் ஏறிவிட்டது என்று பொருள். முத்தம்மா வாரண்டிக்குள் புகார் செய்தார் என்பதற்கும் அதுவே அத்தாட்சி. ஒரு மாதம் பாக்கி உள்ளவருக்கு இது சிறிய விஷயமா?

அத்தோடு அவர் கிளம்பிவிடவில்லை. கம்பெனி கொடுத்த குர்லா எண்ணுக்கு இன்னொரு போன் போட்டார். முகவரி சரியாக இருந்தும் வீணாகப் போய்வருவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. சில சென்டரில் ஏ.சி., பிரிட்ஜ் மட்டும் பார்ப்பார்கள். மிக்சியைத் தொடமாட்டார்கள். வார விடுமுறை ஞாயிறு என்றே வைத்துக்கொள்ள முடியாது. முத்தம்மா தன் ஜாப் நம்பரைச் சொன்னார். அவர்கள் தங்கள் கணக்கில் பார்த்து மாடல் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். உண்மையான சென்டர் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது கடினம். வெளிக்கடைக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

"திங்கள் லீவு. செவ்வாய் 11 மணிக்கு மேல் வாங்க. பில்லும் வாரண்டி அட்டையும் கொண்டு வாங்க. எந்த ஜார் போட்டபோது நின்றதோ அந்த ஜாரையும் எடுத்து வாங்க" என்றார்கள். எல்லா ஜாரையும் சுமக்க வேண்டியதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தேரிக் கடைக்குப் போன் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இப்படிப்பட்ட இடங்களில் எடுத்ததும் "எந்தக் கம்பெனி மிக்சி?" என்று கேட்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் "ஆமாம், நாங்கள்தான்" என்பார்கள். இரண்டு மூன்று கம்பெனிக்கு அனுமதி பெற்ற நல்ல கடைகளும் உண்டு. ஆகவே அந்தக் கேள்வியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வாரண்டி இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பேச்சை மாற்றினால் சந்தேகப்படலாம். பதிவுக்கு 10 ரூபாய் அனுப்பச் சொல்லி ஓர் இணைப்பை அனுப்பினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியை ஏற்றச் சொன்னாலும் அப்படியே. அது 10 ரூபாய்க்காக இல்லை. வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்காக.

இன்னொரு நட்டமும் உண்டு. மிக்சியின் அடித் திருகின் மேல் சிறிய சீல் ஒட்டியிருப்பார்கள். வெளிக்கடைக்காரர் திறந்தால் அது கிழியும். பிறகு கம்பெனியிடம் போனால் "வெளியில் திறந்திருக்கிறீர்கள், வாரண்டி இல்லை" என்று சொல்லிவிடலாம். மோட்டாருக்கு மட்டும் தனியாக நீண்ட வாரண்டி கொடுத்திருந்தால் அதுவும் போய்விடும். வாரண்டி முடிந்த பழைய மிக்சி என்றால் கதை வேறு. தெருமுனையில் பழகிய மெக்கானிக்கே போதும்.

சென்டரில் மிக்சியை ஒப்படைத்ததும் ஜாப் சீட்டு கொடுப்பார்கள். அதில் கம்பெனிப் பெயர், மாடல், வரிசை எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசியுங்கள். வரிசை எண்ணை உங்கள் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். துண்டுத் தாளில் பெயரை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கம்பெனி எண் எடுக்கவே இல்லை, அல்லது எடுத்தும் சென்டர் முகவரி சொல்ல மறுக்கிறார்கள் என்றால் 1915-க்குப் போன் செய்யலாம். இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். போலிக் கடைக்காரர் கைப்பேசி வழியாகப் பணத்தை எடுத்துவிட்டால் 1930. அதற்கு உடனே, அந்த நிமிடமே போன் செய்ய வேண்டும். பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க அப்போதுதான் வழி இருக்கும்.