பாஸ்வேர்டு வேண்டாம், பார்க்கும் அனுமதி போதும்: ஃப்ரீலான்ஸ் எடிட்டர் கேட்கும் 'வியூ-ஒன்லி' அனலிட்டிக்ஸ் என்றால் என்ன?

கள்ளக்குறிச்சியில் இருந்தபடி ஒருவர் கல்வராயன் மலைப் பயணங்களுக்கென ஓர் இணையதளம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலைக்குப் போகும் வழி என முப்பது கட்டுரைகள் இருக்கின்றன. படிக்க ஆள் வரவில்லை. அவற்றைத் திருத்தித் தர ஒரு ஃப்ரீலான்ஸ் எடிட்டரை அமர்த்துகிறார். எடிட்டர் முதலில் கேட்பது அனலிட்டிக்ஸ் அனுமதி.

இந்த இடத்தில் பலரும் ஜிமெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அது வெறும் அனலிட்டிக்ஸின் சாவி இல்லை. மெயில், டிரைவ், போட்டோக்கள் என எல்லாவற்றின் சாவியும் அதுதான். ஆகவே நல்ல எடிட்டர் எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். கட்டுரைகளைத் திருத்தத் தொடங்கும் முன், எதை யார் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸில் Viewer, சர்ச் கன்சோலில் Restricted என்ற அளவு அனுமதி போதும். பாஸ்வேர்டு அனுப்ப வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் தேடல் வழியே வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் நுழைந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்தச் சொற்களைத் தேடினார்கள் என்பதை மட்டும் பார்ப்பேன். வருமான விவரம் எனக்குத் தேவையில்லை, அதை மறைத்துவிடலாம். வேலை முடியும் நாளில் என்னை நீக்கிவிடுங்கள்."

அனுமதி கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. அனலிட்டிக்ஸில் Admin போய் Property access management திறந்து, மேலே உள்ள + குறியைத் தட்டி, எடிட்டரின் கூகுள் மெயில் ஐடியைச் சேர்த்து Viewer தேர்வு செய்தால் முடிந்தது. அதே திரையில் No Revenue Metrics என்பதை டிக் செய்தால் வருமான எண்கள் அவர் கண்ணில் படாது. கவனம்: பக்கத்திலேயே Account access management என்று இன்னொன்று இருக்கும். அதில் சேர்த்தால், அந்த அக்கவுண்டுக்குக் கீழே உள்ள உங்கள் மற்ற தளங்களும் அவருக்குத் தெரியும். சர்ச் கன்சோலில் Settings, பிறகு Users and permissions, Add user.

சரி, உள்ளே வந்து எடிட்டர் என்னதான் பார்ப்பார்? கற்பனை எண்களோடு ஓர் உதாரணம். மேகம் அருவிக் கட்டுரை மூன்று மாதத்தில் கூகுள் தேடலில் 4,000 முறை தோன்றியிருக்கிறது, கிளிக் 40 மட்டுமே. அதாவது 1 சதவீதம். சராசரி இடம் 5. முதல் பக்கத்திலேயே தெரிந்தும் யாரும் தட்டவில்லை என்றால், சந்தேகம் முதலில் தலைப்பின் மேல்தான். ஆட்கள் தேடியது 'மேகம் அருவி போவது எப்படி'. தலைப்போ 'இயற்கையின் மடியில் ஒரு நாள்'. அழகான தலைப்புதான், ஆனா தேடி வந்தவருக்கு அதில் பதில் இருப்பதாகத் தெரியாது. இதே கட்டுரை இருபதாவது இடத்தில் கிடந்திருந்தால் தலைப்பை மட்டும் மாற்றிப் பெரிய பலன் இருக்காது. கட்டுரைக்குள்ளேயே வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, படித்த நேரம். நான்கு நிமிடம் படிக்க வேண்டிய கட்டுரையில் சராசரி 12 விநாடி என்று காட்டினால்? உடனே 'கட்டுரை மோசம்' என்று முடிவுகட்டக் கூடாது. பஸ் விவரம் முதல் வரியிலேயே கிடைத்து, படித்தவர் திருப்தியாகவும் கிளம்பியிருக்கலாம். எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எடிட்டர் பக்கத்தைத் திறந்து படித்துத்தான் சொல்ல முடியும். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கம் முழுதாகத் திறக்கும் முன்பே ஒருவர் மூடிவிட்டால், அந்த வருகை அனலிட்டிக்ஸில் பதிவாகாமலே போகலாம். உரிமையாளரே தினமும் பத்து முறை தன் தளத்தைத் திறந்து பார்ப்பவராக இருந்தால் கணக்கு எதிர்ப்பக்கமாகக் கெடும். சின்னத் தளங்களில் இது ரொம்பவே தெரியும். அதனால்தான் அனுபவமுள்ள எடிட்டர்கள், 'உங்கள் ஆபீஸ் வருகையை ஃபில்டர் செய்திருக்கிறீர்களா?' என்று கடிதத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

'வியூ-ஒன்லி' என்ற பெயரை நம்பி ஒன்றை மறந்துவிடக் கூடாது. Viewer ஆக இருப்பவரால் எதையும் மாற்றவோ அழிக்கவோ வேறு ஆளைச் சேர்க்கவோ முடியாது. ஆனால் அறிக்கையை டவுன்லோடு செய்ய முடியும். அனுமதியை நீக்கினாலும் அந்த ஃபைல் அவர் லேப்டாப்பில்தான் இருக்கும். ஆகவே, டவுன்லோடு செய்ததை வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன், வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்ற ஒரு வரி கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுமதி கொடுக்கும் முன் பதில் மெயிலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.